ஒடிந்த முள்ளும் ஆறாத புண்ணும்

கேள்வி: எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அக்யூட் அழற்சி, நாள்பட்ட அழற்சி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அட்டவணை போடச் சொன்னால் போட்டுவிடுவேன். ஒரு நோயாளியின் கதையைச் சொல்லி "இது எது, ஏன்?" என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கிறேன். மீடியேட்டர்கள் எல்லாம் ஒன்றோடொன்று குழம்புகின்றன. கிரானுலோமா எதற்காக உருவாகிறது? ஒரு புண் தடமே இல்லாமல் ஆறுகிறது, இன்னொன்று தழும்பாகிறது, எதனால்?

பதில்:

உங்கள் அட்டவணையின் முதல் வரி "காலம்" என்று இருக்கும். அக்யூட் என்றால் சில மணி, சில நாள். நாள்பட்டது என்றால் வாரம், மாதம். குழப்பம் அந்த வரியில்தான் ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறேன். நோயாளியின் கதையைப் படிக்கும்போது நாட்காட்டியைத் தள்ளி வைத்துவிட்டு வேறு ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: அழற்சியைக் கிளப்பிவிட்ட பொருள் போய்விட்டதா, இன்னும் உள்ளேயே இருக்கிறதா? போய்விட்டால் அக்யூட்டோடு கதை முடியும். போகாமல் நின்றுவிட்டால் உடம்பு வேறு ஆட்களை வேலைக்கு அழைக்கும். அந்த ஆட்கள் யார், என்ன செய்கிறார்கள் என்பதுதான் நாள்பட்ட அழற்சி.

ஒரே ஒருவரின் பாதத்தை வைத்து இதைச் சொல்கிறேன். நான் நோய்க்குறியியல் துறையில் இருப்பவன். சில ஆண்டுகளுக்கு முன் ஃபார்மலின் பாட்டிலில் ஒரு சதைத் துண்டு வந்தது. கூட வந்த சீட்டில் "வலது பாதம், ஆறாத புண், டிபி?" என்று மட்டும் எழுதியிருந்தது. அந்த மனிதர் ரிப்போர்ட் வாங்க வந்தபோது உட்கார வைத்து முழுக் கதையையும் கேட்டேன். ராமநாதபுரம் பக்கத்துக்காரர். கரிமூட்டத்துக்காகச் சீமைக்கருவேலம் வெட்டுகிற வேலை. ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு முள் பாதத்தில் ஏறியிருக்கிறது. பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார். நுனி உள்ளே ஒடிந்து நின்றது அவருக்குத் தெரியாது.

முள் ஏறிய அடுத்த நிமிடங்களில் நடப்பதை உங்கள் கையிலேயே பார்க்கலாம். ஸ்கேலின் விளிம்பால் முன்கையில் சற்று அழுத்தமாக ஒரு கோடு இழுங்கள். முதலில் கோடு சிவக்கும். பிறகு அதைச் சுற்றிச் சிவப்பு படரும். அழுத்தம் போதுமானதாக இருந்தால் கோடு தடித்து எழும்பும். தாமஸ் லூயிஸ் 1927-இல் விவரித்த மூன்றடுக்கு எதிர்வினை இதுதான். முதல் சிவப்பும் தடிப்பும் மாஸ்ட் செல்கள் கொட்டும் ஹிஸ்டமினின் வேலை. சுற்றிப் படரும் சிவப்பு நரம்பு வழியாக வருவது. ஹிஸ்டமின் முன்பே தயாரித்து, பொட்டலம் கட்டி வைத்த சரக்கு. அதனால்தான் அது முதலில் வருகிறது. சிறு தமனிகளை விரிக்கிறது, அதனால் சிவப்பும் சூடும். நுண்குழாய்களைத் தாண்டியுள்ள சிறு சிரைகளில் எண்டோதீலியல் செல்களைச் சுருங்க வைத்து இடைவெளி உண்டாக்குகிறது, அதன் வழியே புரதம் கசிகிறது. புரதம் போன இடத்துக்குத் தண்ணீரும் போகும், அதுதான் வீக்கம். ஆனால் ஹிஸ்டமினின் ஆட்டம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும்.

மீடியேட்டர்களை அகர வரிசையில் படிக்காமல் இப்படி வருகிற வரிசையில் படித்தால் குழம்பாது. முதலில் வருவது கையிருப்புச் சரக்கு. அடுத்தது அந்த இடத்திலேயே உடனுக்குடன் சமைப்பது. செல் சவ்வின் கொழுப்பிலிருந்து ஃபாஸ்ஃபோலிபேஸ் என்ற நொதி அராக்கிடோனிக் அமிலத்தைப் பிரித்தெடுக்கிறது. அங்கிருந்து பாதை இரண்டாகப் பிரியும். சைக்ளோஆக்சிஜினேஸ் வழியில் போனால் புரோஸ்டகிளாண்டின்கள், லிப்பாக்சிஜினேஸ் வழியில் போனால் லூகோட்ரையீன்கள். வலி முதல் வழியைச் சேர்ந்தது. புரோஸ்டகிளாண்டின் ஈ2 நரம்பு நுனிகளைக் கூர்மையாக்கி வைக்கிறது, பிராடிகைனின் அதே நரம்புகளைக் குத்துகிறது. அன்று ராத்திரி அவர் காலைத் தரையில் வைக்க முடியாமல் கிடந்ததற்கு இந்தக் கூட்டணிதான் காரணம். ஆஸ்பிரின் சைக்ளோஆக்சிஜினேஸ் வழியை அடைக்கிறது என்பதை ஜான் வேன் 1971-இல் காட்டினார். 1982-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதில் ஒரு தேர்வுக் கேள்வியும் இருக்கிறது. முள் குத்திய காலுக்கு ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை ஏன் பயன்படுவதில்லை? நோயாளி மாத்திரையைத் தேடுகிற நேரத்தில் ஹிஸ்டமினின் பங்கு முடிந்திருக்கும். தோலெங்கும் தடித்து அரிக்கிற ஆளுக்கு அதே மாத்திரை வேலை செய்கிறது, அங்கே மாஸ்ட் செல்கள் விடாமல் கொட்டிக்கொண்டே இருக்கின்றன.

மூன்றாவது தவணை சைட்டோகைன்கள். முள்ளோடு பாக்டீரியாவும் உள்ளே போயிருக்கும். திசுவில் ஏற்கெனவே குடியிருக்கும் மேக்ரோஃபேஜ்கள் அதை உணர்ந்து டிஎன்எஃப், ஐஎல்-1 இரண்டையும் வெளிவிடுகின்றன. இவை ரத்தக்குழாயின் உட்சுவரை ஒட்டும் பரப்பாக மாற்றுகின்றன. நியூட்ரோஃபில்கள் இறங்குவதை ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்குகிறவரைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். கம்பியைப் பிடித்தபடி நாலடி கூடவே ஓடுவார், பிறகுதான் நிற்பார். கூடவே உருளுகிற கட்டத்துக்கு செலக்டின்கள், உறுதியாக நிற்கிற கட்டத்துக்கு இன்டெக்ரின்கள். நின்ற பிறகு செல்களின் இடுக்கில் நுழைந்து வெளியேற வேண்டும். எந்தப் பக்கம் போவது என்பதைக் காம்ப்ளிமென்டின் சி5ஏ, லூகோட்ரையீன் பி4, ஐஎல்-8, பாக்டீரியாவே கசிய விடும் சிறு பெப்டைடுகள் ஆகியவை காட்டிக்கொடுக்கின்றன.

பொதுவாக 6 முதல் 24 மணி நேரம் வரை நியூட்ரோஃபில்களின் ஆட்சி. 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மோனோசைட்டுகள் வந்து மேக்ரோஃபேஜ்களாக மாறத் தொடங்கும். இங்கும் விதிவிலக்கு உண்டு. சூடோமோனாஸ் தொற்றில் பல நாட்களுக்கு நியூட்ரோஃபில்களே வந்துகொண்டிருக்கும். வைரஸ் தொற்றில் ஆரம்பத்திலேயே லிம்ஃபோசைட்டுகள் வரலாம். ஸ்லைடில் லிம்ஃபோசைட்டைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு "நாள்பட்டது" என்று எழுதிவிடாதீர்கள்.

மூன்றாம் நாள் அவருக்கு முள் குத்திய இடம் மஞ்சளாகத் திரண்டுவிட்டது. தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. லேசான காய்ச்சலும் வந்திருக்கிறது. மஞ்சளாகத் திரண்டது செத்த நியூட்ரோஃபில்கள், அவை கரைத்துப் போட்ட திசு, பாக்டீரியா எல்லாம் சேர்ந்த சீழ். நெறி என்பது பாதத்திலிருந்து நிணநீர் வழியாகச் சரக்கு போய்ச் சேர்ந்த நிணநீர் முடிச்சு. காய்ச்சல், ஐஎல்-1, டிஎன்எஃப், ஐஎல்-6 போன்றவற்றின் தூண்டலால் மூளையின் ஹைப்போதலாமஸில் புரோஸ்டகிளாண்டின் ஈ2 சுரந்ததால் வந்தது. அன்று ரத்தம் எடுத்திருந்தால் சிஆர்பி உயர்ந்திருக்கும், ஐஎல்-6 சொல்லி ஈரல் தயாரிப்பது அது.

மருந்துக்கடையில் ஒரு வலி மாத்திரையும் ஒரு ஆன்டிபயாடிக்கும் வாங்கிப் போட்டிருக்கிறார். சீழ் தானே உடைந்து வடிந்தது. வலி போனது, நெறி வற்றியது. ஒரு வாரத்தில் வேலைக்குப் போய்விட்டார்.

கதை பிரிகிற இடம் இது. உள்ளே எதுவும் மிஞ்சியிருக்காவிட்டால் மேக்ரோஃபேஜ்கள் குப்பையைப் பெருக்கி அள்ளிவிட்டு, "போதும்" என்று சொல்லும் மீடியேட்டர்களைச் சுரந்து கடையைச் சாத்தியிருக்கும். ஐஎல்-10, டிஜிஎஃப்-பீட்டா, லிப்பாக்சின்கள் அந்த வகை. அழற்சி தானாக ஓய்ந்துவிடுவதில்லை, அதை அணைக்கிற வேலையும் ரசாயனங்களால் நடப்பதுதான். அவர் காலில் பாக்டீரியா செத்துவிட்டது, ஆனால் முள் நுனி இருந்தது. மரத்தின் செல்லுலோஸைச் செரிக்க நம்மிடம் நொதி கிடையாது. நியூட்ரோஃபில் வந்து பார்த்துவிட்டு ஓரிரு நாளில் செத்துப்போகும். மேக்ரோஃபேஜ் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்து அதே இடத்தில் கடினமான ஒரு கட்டி. நடக்கும்போது மட்டும் சுருக்கென்று குத்தும். சிவப்பு இல்லை, சூடு இல்லை. யாரோ கால் ஆணி என்று சொல்ல, ஆணிக்கு ஒட்டுகிற பிளாஸ்டரை வாங்கி ஒட்டிப் பார்த்திருக்கிறார். அதில் உள்ள சாலிசிலிக் அமிலம் மேல் தோலை உரித்தது, உள்ளே இருந்ததை ஒன்றும் செய்யவில்லை. இன்னும் சில வாரத்தில் கட்டியின் நுனியில் ஓட்டை விழுந்து நீர் கசிய ஆரம்பித்தது. ஊரில் இதைப் புண் புரையோடிவிட்டது என்பார்கள். மிகச் சரியான சொல். மேலே சின்ன வாய், உள்ளே நீளமான குழாய். நாம் அதற்கு சைனஸ் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

நாள்பட்ட அழற்சியின் முழு இலக்கணமும் இந்தப் புரையோடிய புண்ணில் இருக்கிறது. மூன்று வேலைகள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நடக்கின்றன: மேக்ரோஃபேஜ், லிம்ஃபோசைட், பிளாஸ்மா செல்களின் முகாம், திசுச் சேதம், அந்தச் சேதத்தைச் சரிசெய்யப் புது ரத்தக்குழாயும் நார்த்திசுவும் வளர்வது. ஒரு பக்கம் இடிக்கிறார்கள், மறுபக்கம் கட்டுகிறார்கள், வேலை முடிவதே இல்லை. அதனால்தான் கட்டி கல் போலக் கடினமாக இருந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். சைனஸில் கசிந்ததில் நியூட்ரோஃபில்களும் இருந்தன. "நாள்பட்டது, எனவே நியூட்ரோஃபில் இருக்காது" என்பது தப்பு. எலும்பில் வரும் நாள்பட்ட ஆஸ்டியோமயலைட்டிஸிலும் நியூட்ரோஃபில்கள் நிறைய இருக்கும்.

பாதத்தில் புரையோடிய புண் என்றதும் நம் ஊரில் உடனே நினைவுக்கு வர வேண்டியது மதுரா பாதம். 1842-இல் மதுரை மருந்தகத்திலிருந்து கில் என்ற மருத்துவர் அதை எழுதினார். பிறகு ஊர்ப் பெயரே நோயின் பெயராகி உலகப் பாடப்புத்தகங்களில் ஏறிவிட்டது. அதுவும் முள் குத்தி உள்ளே போகும் பூஞ்சையாலோ, பூஞ்சை போன்ற பாக்டீரியாவாலோ வருவதுதான். வேறுபடுத்த முதல் வழி எளிமையானது: கசிவில் மணிகள் இருக்கின்றனவா? மேலே வைத்த காஸ் துணியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் ரவை போலவோ, கறுப்பாகக் கடுகுத்தூள் போலவோ தெரியும். கறுப்பு மணி என்றால் பூஞ்சை. வெள்ளை, மஞ்சள் என்றால் பெரும்பாலும் ஆக்டினோமைசீட் வகை பாக்டீரியா, ஆனால் சில பூஞ்சைகளும் வெளிறிய மணி தரும், அதனால் ஸ்டெயின் போட்டே முடிவு செய்ய வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. இவருக்கு மணி எதுவும் இல்லை.

எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது, முள் தெரியவில்லை. மரத்துண்டு எக்ஸ்ரேயில் தெரியாது, இதனால்தான் பல முட்கள் தப்பித்துவிடுகின்றன. அல்ட்ராசவுண்டில் ஒரு சிறு வெள்ளைக் கோடும், அதன் பின்னால் நிழலும், சுற்றிலும் கறுப்பு வளையமும் தெரிந்தன. வெள்ளைக் கோடு முள். கறுப்பு வளையம் அதைச் சுற்றிய அழற்சித் திசு. ஸ்கேன் செய்த இடத்தில் ரிப்போர்ட்டில் எழுதியிருந்தார்கள், ஆனால் அந்தத் தாள் என் மேசைக்கு வந்த சீட்டோடு வரவில்லை. அதனால் "டிபி?" என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் ஸ்லைடைப் பார்த்தேன்.

கிரானுலோமா தெளிவாக இருந்தது. டிபி இல்லை என்பதும் அதே அளவு தெளிவாக இருந்தது. இது எப்படி என்பதுதான் உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில்.

கிரானுலோமா என்பது விழுங்கவும் முடியாமல் விடவும் முடியாமல் போன பொருளைச் சுற்றி மேக்ரோஃபேஜ்கள் கட்டுகிற மதில். அதில் உள்ள முக்கியமான செல் எபிதீலியாய்ட் செல். அது புதிதாக வந்த ஆள் இல்லை. அதே மேக்ரோஃபேஜ்தான், அலைவதை விட்டுவிட்டு, இளஞ்சிவப்பு சைட்டோபிளாசம் பெருகி, செருப்பின் அடிப்பாகம் போல நீண்ட உட்கருவோடு, பக்கத்துச் செல்லோடு எல்லை தெரியாதபடி நெருக்கமாக உட்கார்ந்துவிட்டது. சில ஒன்றாக இணைந்து பல உட்கரு கொண்ட ராட்சத செல்லாகின்றன.

முள்ளைச் சுற்றிக் கட்டும்போது இது பெரும்பாலும் இட நெருக்கடிப் பிரச்சினை. பொருள் ஒரு மேக்ரோஃபேஜால் விழுங்க முடியாத அளவு பெரியது, அதனால் பல சேர்ந்து மேலே படர்கின்றன. டி லிம்ஃபோசைட்டுகளுக்கு இதில் பெரிய பங்கு இல்லை. டிபியில் கதை வேறு. அங்கே பாசில்லஸ் மிகச் சிறியது, மேக்ரோஃபேஜ் அதைச் சுலபமாக விழுங்கிவிடும். விழுங்கிய பிறகுதான் சிக்கல். பாசில்லஸ் இருக்கும் பையோடு லைசோசோம் சேர்வதை அது தடுத்துவிட்டு உள்ளேயே பெருகுகிறது. சில வாரங்கள் உடம்புக்கு ஒன்றும் தெரியாது. இதற்கிடையில் டென்ட்ரிடிக் செல்கள் அதன் துண்டுகளை நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோய் டி செல்களுக்குக் காட்டும். ஐஎல்-12 அந்த டி செல்களை டிஎச்1 வகையாக்கும். அவை திரும்பி வந்து இன்டர்ஃபெரான்-காமாவைச் சுரக்கும். அந்த உத்தரவு கிடைத்த பிறகுதான் மேக்ரோஃபேஜ் விழித்துக்கொண்டு எபிதீலியாய்டாக மாறி உள்ளே இருப்பதைக் கொல்லத் தொடங்கும். மேன்டூ சோதனையை ஊசி போட்ட அன்றே பார்க்காமல் 48 முதல் 72 மணி நேரம் கழித்துப் பார்ப்பதும் இதனால்தான். ஏற்கெனவே பழகிய டி செல்கள் அந்த இடத்துக்கு வந்து சேர அவ்வளவு நேரம் ஆகும்.

கட்டிய மதில் நிற்க டிஎன்எஃப் தொடர்ந்து தேவை. இதை மனிதர்களிலேயே பார்த்துவிட்டோம். மூட்டுவாதத்துக்கு டிஎன்எஃப்பை அடைக்கும் இன்ஃப்ளிக்சிமாப் கொடுத்த சிலருக்கு உறங்கிக்கிடந்த டிபி கிளம்பியதாக 2001-இல் செய்தி வந்தது. மதில் கரைந்தது, உள்ளே அடைபட்டிருந்தது வெளியே வந்தது. இன்று அந்த ஊசியைத் தொடங்கும் முன் டிபி சோதனை கட்டாயமாகச் செய்கிறோம். எச்ஐவியில் சிடி4 செல்கள் மிகவும் குறைந்துவிட்டால் கிரானுலோமா ஒழுங்காகக் கட்டப்படுவதே இல்லை, ஸ்லைடில் பாசில்லஸ் மட்டும் மந்தை மந்தையாகத் தெரியும்.

இனி ஸ்லைடு. டிபி கிரானுலோமாவின் நடுவே பெரும்பாலும் கேசியஸ் நெக்ரோசிஸ் இருக்கும். கண்ணால் பார்த்தால் உதிர்த்த பனீர் கட்டி போலவும், ஸ்லைடில் செல்லின் உருவமே இல்லாத இளஞ்சிவப்புத் தூளாகவும் தெரியும். ராட்சத செல்கள் லாங்கான்ஸ் வகை, உட்கருக்கள் ஓரத்தில் குதிரைலாடம் போல வரிசையாக நிற்கும். எழுதும்போது கவனம், லாங்கான்ஸ் வேறு, லாங்கர்ஹான்ஸ் வேறு. ஒவ்வொரு பேட்ச்சிலும் நாலு பேராவது கிரானுலோமாவுக்குள் கணையத்தின் தீவைக் கொண்டுவந்து வைப்பார்கள். என் ஸ்லைடில் கேசியேஷன் இல்லை. ராட்சத செல்களின் உட்கருக்கள் ஓரத்தில் நிற்காமல் கொட்டி வைத்தது போலச் சிதறிக் கிடந்தன. நடுவில் தேன்கூடு போல, தடித்த சுவர் கொண்ட சிறு பழுப்பு அறைகள். அவை தாவரச் செல்கள். போலரைஸ் செய்த ஒளியில் பார்த்ததும் அந்தச் சுவர்கள் இருட்டில் பளிச்சென்று மின்னின. ஆசிட் ஃபாஸ்ட் ஸ்டெயினிலும் பூஞ்சைக்கான ஸ்டெயின்களிலும் எந்தக் கிருமியும் தெரியவில்லை. சீட்டில் இருந்த கேள்விக்குறிக்குப் பதிலாக, தாவரப் பொருளால் வந்த அயல்பொருள் கிரானுலோமா என்று எழுதினேன்.

எதிர்ப்பக்கத்து உதாரணம் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்: கண்டமாலை, அதாவது கழுத்து நிணநீர் முடிச்சில் வரும் டிபி. முடிச்சு பெருத்து, உள்ளே உருகி, தொட்டால் சீழ்க்கட்டி போலத் தளதளவென்று இருக்கும். ஆனால் சூடு இருக்காது, பெரிய வலியும் இருக்காது. இதைக் குளிர்ந்த கட்டி என்கிறோம். மேலே சொன்ன ஹிஸ்டமின், புரோஸ்டகிளாண்டின், நியூட்ரோஃபில் ஊர்வலம் அங்கே பெரிதாக நடக்கவே இல்லை. உள்ளே இருப்பது நியூட்ரோஃபில் சீழ் இல்லை, உருகிய கேசியஸ் பொருள். அக்யூட் கட்டத்தையே தொடாமல் நேராக நாள்பட்டதாக ஆரம்பிக்கும் அழற்சி உண்டு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. "அக்யூட் நீடித்தால் நாள்பட்டது" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு வருகிறவர்கள் இங்கேதான் மதிப்பெண் இழக்கிறார்கள்.

சரி, தழும்பு. இதற்கும் காலம் பதில் தராது. கேட்க வேண்டியது: செல்கள் செத்த பிறகு அவை நின்றிருந்த சாரம் நிற்கிறதா, பிழைத்த செல்களுக்குப் பெருகும் திறமை இருக்கிறதா? இரண்டும் இருந்தால் பழையபடி ஆகும். லோபார் நிமோனியாவில் நுரையீரலின் ஒரு மடல் முழுவதும் ஈரலைப் போல இறுகிப் போகும். ஆனால் காற்றறைகளின் சுவர் சாயாமல் நிற்கும். அதனால் குப்பையை அள்ளியதும் நுரையீரல் பழையபடி மூச்சு விடுகிறது. அதே நுரையீரலில் டிபி குழி விழுந்தால் சுவரே போய்விட்டது, தழும்பைத் தவிர வழியில்லை. சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலில் வந்த சிராய்ப்பு தடமில்லாமல் ஆறுவதும் இதே கணக்குதான். மேல் தோல் மட்டும் போயிருக்கிறது, முடிக்குழியிலும் வியர்வைக் குழாயிலும் மிச்சமிருக்கும் எபிதீலியம் பரவி மூடிவிடும். வெட்டு உள்தோலுக்குள் ஆழமாக இறங்கினால் அந்த வசதி கிடையாது.

இவருடைய பாதத்தில் முள்ளையும் புரையையும் சேர்த்து வெட்டி எடுத்தார்கள். தொற்று இருந்த இடம் என்பதால் தைக்காமல் திறந்தே விட்டு தினமும் டிரெஸ்ஸிங். தையல் போட்டு ஓரங்களைச் சேர்த்து ஆறவிடுவது முதல்நிலை ஆறுதல், இப்படிக் குழியை அடியிலிருந்து நிரம்பவிடுவது இரண்டாம்நிலை. நடக்கிற வேலை ஒன்றுதான், அளவுதான் வேறு. நாலைந்து நாளில் டிரெஸ்ஸிங் செய்த நர்ஸ் "நல்லாச் செவப்பா சதை வந்திருக்குண்ணே" என்றாராம். அவர் பார்த்தது கிரானுலேஷன் திசு. புதிதாக முளைத்த கசியும் ரத்தக்குழாய்கள், ஃபைப்ரோபிளாஸ்ட்கள், மேக்ரோஃபேஜ்கள். குருணை குருணையாக, ஈரமாக, காஸ் துணி உரசினாலே ரத்தம் கசியும். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் கிரானுலோமாவையும் கிரானுலேஷன் திசுவையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். ஒன்று மேக்ரோஃபேஜ் மதில், மற்றது ஆறுகிற புண்ணின் சதை. போதாதென்று, பயோஜெனிக் கிரானுலோமா என்று ஒன்று இருக்கிறது. அது கிரானுலோமாவும் இல்லை, சீழ் பிடிப்பதும் இல்லை, வெறும் ரத்தக்குழாய்க் கொத்து. பெயர் வைத்தவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அப்புறம் மயோஃபைப்ரோபிளாஸ்ட்கள் ஓரங்களை உள்ளே இழுக்கும், குழி சுருங்கும். டிஜிஎஃப்-பீட்டா ஃபைப்ரோபிளாஸ்ட்களைக் கொலாஜன் நெய்ய வைக்கும். முதலில் அவசரத்துக்கு மூன்றாம் வகைக் கொலாஜன், பிறகு அதைப் பிரித்துவிட்டு உறுதியான முதல் வகை. இந்த மாற்றம் மெதுவாக நடக்கும். நன்றாகத் தைத்த தோல் வெட்டில்கூட ஒரு வாரத்தில் தையல் பிரிக்கும்போது பழைய தோலின் வலுவில் ஏறத்தாழ 10 சதவீதம்தான் வந்திருக்கும். மூன்று மாதத்தில் 70 முதல் 80 சதவீதம் வரும், அதற்கு மேல் பெரிதாக ஏறாது. வைட்டமின் சி இல்லாவிட்டால் கொலாஜன் இழைகள் சரியாக முறுக்கிக்கொள்ளாது. சர்க்கரை நோய், ஸ்டீராய்டு இரண்டும் தாமதப்படுத்தும். ஆனால் தேர்வில் "ஆறாமைக்கு உள்ளூர்க் காரணங்கள்" கேட்டால் முதலில் தொற்று, அடுத்து அயல்பொருள் என்று எழுதுங்கள். இந்த மனிதருக்கு இரண்டும் இருந்தன.

தழும்பு அளவு மீறினால் இரண்டு விதம். காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்தால் ஹைபர்ட்ரோபிக் தழும்பு, சில மாதங்களில் தணியக்கூடும். எல்லையைத் தாண்டி நல்ல தோலிலும் படர்ந்தால் கீலாய்டு. காது குத்திய துளையில் நெல்லிக்காய் அளவு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதை வெட்டி மட்டும் எடுத்தால் பல சமயம் முன்பைவிடப் பெரிதாகத் திரும்பி வரும், அதனால் கூடவே ஸ்டீராய்டு ஊசியும் போடுகிறார்கள். உள்ளங்காலில் கீலாய்டு வருவது அபூர்வம், அந்த விதத்தில் இவர் தப்பித்தார்.

மூன்று மாதம் கழித்து வேறு வேலையாக வந்தவர் செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கிக் காட்டினார். ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய, வெளிறிய, பளபளப்பான ஒரு தடம். உச்சி வெயிலில் நடந்து வந்திருந்ததால் உள்ளங்கால் முழுவதும் வியர்த்து ஈரமாக இருந்தது. அந்த இடம் மட்டும் காய்ந்திருந்தது. தழும்பில் வியர்வைச் சுரப்பி திரும்ப முளைப்பதில்லை.